பன்னீராண்டுக் கனி

ஐப்பசி மழை குன்னூர்ச் சரிவுகளில் விடாது பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பதினோராம் வகுப்பிற்கு மணிமேகலையின் ‘உலகவறவி புக்க காதை’யை நடத்திக்கொண்டிருந்தேன். தகரக் கூரையின்மேல் மழை விழும் ஓசையில் என் குரல் கடைசி வரிசைவரை எட்டுகிறதா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது. காயசண்டிகை முனிவரின் கனியை மிதித்த இடத்தையும், முனிவர் சாபமிட்ட இடத்தையும் சொல்லி முடித்தபோது, அந்தக் கடைசி வரிசையிலிருந்தே ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, ஒரு பழத்தை மிதித்ததற்குப் பன்னிரண்டு ஆண்டுப் பசியா? அந்த முனிவர், ‘போகட்டும், தெரியாமல் செய்துவிட்டாய்’ என்று சொல்லியிருக்கக் கூடாதா?”

“முனிவர் வாக்குப் பொய்க்காதம்மா. இட்ட சாபத்தை இட்டவரே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது” என்றேன். அவள் அமர்ந்துகொண்டாள். ஆனால், விடை கிடைத்த முகமாக அது இல்லை. அந்த வாக்கியத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் வகுப்பறைகளில் சொல்லிவந்திருக்கிறேன். ஏன் முடியாது என்று என்னை நானே கேட்டுக்கொண்டது மட்டும் இல்லை. அன்றிரவு அந்தக் காதையை மாணவனைப்போல முதலிலிருந்து படித்தேன்.

கதை சிறியது. வடதிசையில் விஞ்சையர் வாழும் காஞ்சனபுரத்தைச் சேர்ந்தவள் காயசண்டிகை. விஞ்சையர், மந்திர வலிமையால் வானில் பறந்து செல்லும் ஆற்றல் உடையவர். அவளும் அவள் கணவன் காஞ்சனனும் தென்திசைப் பொதியில் மலையைக் காண வருகிறார்கள். அங்கே ஒரு காட்டாற்றின் மணற்கரையில் விருச்சிகன் என்னும் முனிவர், பனம்பழம்போன்ற பெரிய நாவற்கனி ஒன்றைத் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடச் சென்றிருக்கிறார். கணவனுடன் செருக்கோடு நடந்துவந்த காயசண்டிகை அதைக் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். நீராடித் திரும்பிய முனிவர் சிதைந்த கனியைக் காண்கிறார்.

அவர் உடனே சாபமிடவில்லை என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்ததே இல்லை. முதலில் அவர் அந்தக் கனி இன்னதென்று எடுத்துச் சொல்கிறார். அந்த நாவல் மரம் 12 ஆண்டுக்கு ஒரு முறையே, அதுவும் ஒரே ஒரு கனியையே தரும். அதை உண்டவர்க்கு 12 ஆண்டுகள் பசி தோன்றாது. அவரோ 12 ஆண்டுகள் உண்ணாமல் நோன்பிருந்து, ஒரு நாள் மட்டும் அக்கனியை உண்பவர். அந்த ஒரு நாள் உணவு இப்போது மணலில் கூழாகிக் கிடக்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகே சாபம் வருகிறது. வானில் செல்லும் மந்திரத்தை அவள் மறந்துவிட வேண்டும். யானைத்தீ என்னும் அடங்காப் பெரும்பசியால் அவள் வருந்த வேண்டும். 12 ஆண்டுகள் கழித்து அடுத்த கனியைத் தாம் உண்ணும் நாளில் அவள் பசி நீங்க வேண்டும்.

இந்த மூன்றாவது பகுதியில்தான் என் கண் நின்றது. சாபம் இடும்போதே அது முடியும் நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. அந்த நாளைக் கெஞ்சிக் கேட்டுப் பெற்றதாகக் காப்பியம் கூறவில்லை, முனிவரே சொல்கிறார். 12 என்பது சினத்தில் வாய்க்கு வந்த எண்ணும் அன்று. அந்த மரம் அடுத்த கனியைத் தர எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளுமோ அதுவே சாபத்தின் காலம். தண்டனையின் அளவை முனிவர் வகுக்கவில்லை, இழப்பின் அளவே அதை வகுத்துவிட்டது. ‘போகட்டும்’ என்று அவர் சொல்லியிருந்தால் அவருடைய சினம் போயிருக்கும். கனி வந்திருக்குமா?

நீலகிரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டிய செய்தி. நம் மலைச்சரிவுகளில் 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சியைப் பார்த்திருப்பீர்கள், அல்லது பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே தலைமுறையாக முளைத்த செடிகள் எல்லாம் ஒரே பருவத்தில் பூக்கின்றன. விதையை உதிர்த்துவிட்டு மடிகின்றன. பிறகு அந்த விதைகள் முளைத்து, வெறும் பச்சைப் புதராகவே பதினோர் ஆண்டுகளைக் கடத்த வேண்டும். தேயிலைச் செடிக்கு உரமிட்டுக் கவாத்து செய்தால் கொழுந்து மிகுதியாக வரும். குறிஞ்சியிடம் அந்த வேலை நடக்காது. பூத்த ஆண்டில் ஒருவர் அதை ஒடித்துவிட்டு, ‘மன்னித்துக்கொள்’ என்று மனமுருகி வேண்டினாலும் அது மீண்டும் பூக்க அதன் காலம் வந்தாக வேண்டும். சாபத்தைத் திரும்பப் பெற முடியாது என்று பழங்கதைகள் சொல்லும்போது, செயலுக்கு இப்படி ஒரு காலம் இருப்பதைத்தான் அவை முதலில் சொல்கின்றன என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சொல்லுக்கும் அப்படி ஓர் இயல்பு உண்டு என்பது பழையோர் கருத்து. தொல்காப்பியம், மந்திரம் என்பதற்கு இலக்கணம் கூறும்போது, நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுக் கூறும் மறைமொழியே மந்திரம் என்கிறது. அங்கே ‘நிறைமொழி’ என்னும் சொல்லை நின்று பார்க்க வேண்டும். சொன்னது குறைபடாமல் நிறைவேறும் மொழி அது. பொதுவாக நாம் பேசும் சொற்களில் பாதி வெறுமையாகவே போகின்றன. ‘நாளை வருகிறேன்’ என்கிறோம், வருவதில்லை. பல்லாண்டுகள் வாய்மை காத்தவரின் சொல்லில் அந்த வெறுமை இல்லாமல் போய்விடுகிறது. அதனால் அவர் வாழ்த்தினாலும் வைதாலும் அது நடந்தே தீர்கிறது. இதில் ஒரு துன்பமும் இருக்கிறது. பொய்யே சொல்லிப் பழகாதவர், தாம் சொன்னதைப் பொய்யாக்கும் ஆற்றலையும் இழந்துவிடுகிறார். திருவள்ளுவர் நீத்தார் பெருமையில், குணக்குன்றின்மேல் நிற்பவரின் வெகுளி ஒரு கணமே இருக்கும், ஆனால் அதைத் தடுத்துக் காத்தல் அரிது என்கிறார். கணத்தில் தோன்றிய வெகுளி கணத்தில் அவரை விட்டுப் போய்விடும். அது பிறப்பித்த சொல்லோ அவரை விட்டு வெளியே வந்துவிட்டது.

மகாபாரதத்தில் பரீட்சித்து மன்னனின் கதை இதற்குத் தெளிவான சான்று. வேட்டையில் களைத்து வந்த மன்னன், மௌன நோன்பிலிருந்த சமீகர் என்னும் முனிவரிடம் தன் அம்புபட்டு ஓடிய மான் எங்கே என்று வினவுகிறான். விடை வராத சினத்தில், செத்த பாம்பு ஒன்றை வில்நுனியால் எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டுப் போகிறான். முனிவருக்குச் சினம் வரவில்லை. அவருடைய இளம் மகன் சிருங்கிக்கு வருகிறது. ஏழு நாளுக்குள் தட்சகன் என்னும் பாம்பு கடித்து மன்னன் இறக்க வேண்டும் என்று அவன் சாபமிடுகிறான். செய்தி அறிந்த தந்தை மகனைக் கடிந்துகொள்கிறார். நல்லாட்சி தரும் மன்னனை இப்படிச் சபிக்கலாமா என்று வருந்துகிறார். மகனோ, தான் விளையாட்டுக்கும் பொய் சொன்னதில்லை, சொன்னது நடந்தே தீரும் என்கிறான். அதன்பின் தந்தையால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: தம் மாணவனை அனுப்பி, மன்னனை எச்சரிக்கச் செய்கிறார். குற்றம் இழைக்கப்பட்டவரே மன்னித்துவிட்டார். ஆனாலும் சாபம் நிற்கவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வரும் நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தருவது அன்று.

2006ஆம் ஆண்டு குறிஞ்சி பூத்தபோது, நான் அப்போது பணியாற்றிய பள்ளியிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர்களைக் கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளுக்கு அழைத்துச் சென்றேன். மலை முழுவதும் நீலம் போர்த்துக் கிடந்தது. பூக்களைத் தொடக் கூடாது என்று பேருந்திலிருந்து இறங்கும்போதே சொல்லியிருந்தேன். திரும்பும் நேரத்தில் ஒரு மாணவன், நன்றாகப் பாடக் கூடியவன், இரு கைகளும் நிறையக் குறிஞ்சிக் கொத்துகளை ஒடித்துக்கொண்டு வந்தான். பேருந்தின் முகப்பில் கட்டப் போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குத் தலைக்கேறிய சினத்தில், மற்ற மாணவர் எல்லாரும் பார்த்திருக்க, “பன்னிரண்டு ஆண்டு காத்துப் பூத்ததை ஒரு நொடியில் ஒடித்துவிட்டாயே, நீ எங்கே உருப்படப் போகிறாய்! இனி என் வகுப்பில் உன் முகத்தைக் காட்டாதே” என்றேன்.

அவன் காட்டவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். “நாளைக்கு வந்துவிடப்பா. ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டேன்” என்றேன். “வருகிறேன் ஐயா” என்றான். வரவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி போனபோது, தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவன் அம்மா சொன்னார்.

நான் முனிவன் அல்லன். என் சொல்லுக்குத் தவ வலிமை எதுவும் இல்லை. அதைத் திரும்பப் பெற எனக்கு உரிமையும் இருந்தது, பெற்றுக்கொண்டும் வந்தேன். ஆனால், வாயிலிருந்து புறப்பட்ட சொல் ஒரு பையனுக்குள் சென்று தங்கிவிட்டபின், அது என்னுடையதாக இல்லை. சமீகர் தம் மாணவனை மன்னனிடம் அனுப்பியதுபோல நான் இருமுறை நடந்தேன், அவ்வளவே.

மணிமேகலைக்குத் திரும்புவோம். சாபத்தோடு ஒரு வரமும் அக்காப்பியத்தில் நடந்துவருகிறது. அதையும் பார்த்தால்தான் கதை எப்படி நகர்கிறது என்பது புலப்படும்.

பறக்கும் ஆற்றலை இழந்த காயசண்டிகைக்குக் காஞ்சனன் காட்டுக் கனிகளையும் கிழங்குகளையும் கொண்டுவந்து தருகிறான். எதுவும் அப்பசியை ஆற்றவில்லை. ஆதரவற்றோரைக் காக்கும் செல்வர்கள் வாழும் காவிரிப்பூம்பட்டினத்துக்குச் செல்லுமாறு அவளிடம் கூறுகிறான். அவள் நடந்தே அந்நகர் வந்து, கையேந்தி வாழ்கிறாள். அவன் ஆண்டுதோறும் இந்திரவிழா நாளில் வந்து அவளைக் கண்டு, எத்தனை ஆண்டு கழிந்தது என எண்ணி, வருந்தித் திரும்புகிறான். சாபத்தை மாற்ற அவன் எதுவும் செய்ய முயலவில்லை, எண்ணுகிறான். அந்த எண்ணிக்கைதான் பின்னால் பெருந்தீங்காக முடியப்போகிறது.

இன்னொரு பக்கம், மதுரையில் இரந்துண்டு, கிடைத்ததைப் பசித்தவர்க்கு ஈந்து வாழ்ந்த ஆபுத்திரன் என்பவனுக்குச் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். பின்னொரு காலம் அவன் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகிறான். ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் தன் உயிரை மட்டும் வளர்க்க அப்பாத்திரம் எதற்கு என்று கருதி, அதைக் கோமுகிப் பொய்கையில் விடுகிறான். விடும்போது ஒரு சொல்லும் சொல்கிறான்: ஆண்டில் ஒருநாள் நீர்மேல் தோன்றுக, அருள் கொண்டு உயிர்களைப் பேணுவோர் எவரேனும் வந்தால் அவர் கையில் சேர்க. பிறகு உண்ணாது உயிர்விடுகிறான். சொன்னவன் மறைந்த பின்னும் சொல் பொய்கைக்குள் காத்திருக்கிறது. வைகாசி முழுநிலா நாளில் அது மேலெழுந்து மணிமேகலையின் கையை அடைகிறது.

ஆக, ஒரு சொல் பொய்கையில் காத்திருந்தது. இன்னொரு சொல் ஒரு பெண்ணின் வயிற்றில் காத்திருந்தது. இரண்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் சந்திக்கின்றன. ஆதிரை இட்ட முதற்பிச்சையோடு வந்த மணிமேகலை, அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி உணவைக் காயசண்டிகைக்கு இடுகிறாள். 12 ஆண்டுகள் அணையாத தீ அணைகிறது.

அமுதசுரபி சாபத்தை முறித்துவிட்டது என்றே நான் பல ஆண்டுகளாகக் கற்பித்துவந்தேன். சாத்தனார் அப்படிச் சொல்லவில்லை. பசி தீர்ந்த காயசண்டிகை, முனிவர் குறித்த அந்த நாள் இந்த நாள்தான் போலும் என்று மணிமேகலையிடம் கூறுகிறாள். அதே மூச்சில், பசியை நீக்கியவள் நீ என்றும் சொல்கிறாள். நாளும் வந்துவிட்டது, உணவிட ஒரு கையும் வந்துவிட்டது. வரம் சாபத்தோடு போரிடவில்லை. சாபம் தனக்கென விட்டுவைத்திருந்த வாயிலின் வழியே அது உள்ளே வருகிறது. பழங்கதைகளில் சாப விடுதலை பெரும்பாலும் இத்தகையதே. கல்லான அகலிகைக்கும் கெளதமர் சொல்லிவைத்த எல்லை ஒன்று இருந்தது. இராமன் அங்கே சாபத்தை உடைக்க வரவில்லை, எல்லையாகவே வந்தான்.

இங்கே கதை இன்பமாக முடிந்திருக்கலாம். சாத்தனார் முடிக்கவில்லை. மறந்த மந்திரம் மீண்டும் நினைவில் வர, காயசண்டிகை வானில் எழுந்து ஊருக்குப் பறக்கிறாள். வழியில் விந்தமலை இருக்கிறது. அதைக் காக்கும் விந்தாகடிகை என்னும் தெய்வம், மலைக்கு மேலே பறப்பவரை அவர் நிழலைப் பற்றி இழுத்து விழுங்கிவிடும். அதனால் வானில் செல்வோர் அம்மலையின் மேலே போவதில்லை. காயசண்டிகை நேராக மேலே பறக்கிறாள், விழுங்கப்படுகிறாள். பசியாலேயே 12 ஆண்டுகள் வாடியவள் இன்னொரு வயிற்றுக்குள் போய் முடிகிறாள். சாபம் அவளை ஒன்றும் செய்யவில்லை, அது முடிந்துவிட்டது. விந்தத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்பதை ஏன் மறந்தாள் என்று காப்பியம் கூறவில்லை. நெடுநாள் ஊரைக் காணாதவள் சுற்றுவழியை நினைத்துப் பார்த்திருப்பாளா என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இது காஞ்சனனுக்குத் தெரியாது. 12 ஆண்டும் நிறைந்துவிட்டன, அவளோ வரவில்லை. அவன் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து தெருத்தெருவாகத் தேடுகிறான். இதற்கிடையே மணிமேகலை, தன்மேல் காதல் கொண்டு பின்தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, தான் கற்ற மந்திரத்தால் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த உருவத்தோடுதான் பசித்தவர்க்கு உணவிட்டுக்கொண்டிருக்கிறாள். காஞ்சனன் தன் மனைவியைக் கண்டுவிட்டான். கையில் ஒரே பாத்திரம், உண்பவரோ பலர். அவன் வியந்து அருகில் சென்று பழைய அன்பைச் சொல்லிப் பேசுகிறான். அவள் அவனைத் தெரியாதவள்போல விலகி, அங்கே வந்த இளவரசனிடம் செல்கிறாள். நரைத்த முதியவள் ஒருத்தியைக் காட்டி, உடலழகு நில்லாது என்று அவனுக்கு அறிவுரை கூறுகிறாள்.

ஒருவர் துறவு பேசுகிறார். பார்ப்பவர் அதைக் காதல் என்று கொள்கிறார். 12 ஆண்டுகள் எண்ணி எண்ணிக் காத்திருந்த கண்ணுக்கு வேறு எப்படித் தெரியும்? தன் மனைவி வேறொருவனை விரும்பிவிட்டாள், அதனால்தான் ஊர் திரும்பவில்லை என்று காஞ்சனன் முடிவு செய்கிறான். புற்றுக்குள் அடங்கும் பாம்பைப்போல அம்பலத்துக்குள் ஒளிந்திருக்கிறான். நள்ளிரவில் உதயகுமரன் தனியே அங்கு வர, வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பின்னர் மணிமேகலை சிறைப்படுவதும், இளவரசனின் தாயாகிய அரசி அவளுக்குத் துன்பம் இழைப்பதும் இந்தக் கொலையின் தொடர்ச்சி. பொதியில் மலையின் மணலில் நசுங்கிய ஒரு பழம், சோழ அரண்மனையின் இழவு வீடுவரை வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால், முனிவரின் சாபத்தில் கொலை இல்லை. உதயகுமரன் பெயரே அதில் இல்லை. சாபம் செய்தது இவ்வளவுதான்: பறந்து திரிந்த ஒருத்தியைத் தரையில் இறக்கி, அந்த ஊருக்கு வரச் செய்தது, அவள் கணவனை நாள் எண்ண வைத்தது. மற்றவற்றை எல்லாம் அவரவரே செய்துகொண்டனர். வாளுடன் தன் மனைவியென எண்ணியவளை நோக்கி வரும் காஞ்சனனைத் தூணில் உள்ள கந்திற்பாவை தடுத்து உண்மையைக் கூறும் இடத்தை வகுப்பில் நான் இருமுறை படித்துக் காட்டுவேன். உதயகுமரன் இறந்தது அவனுடைய பழவினையால் என்று அத்தெய்வம் ஒப்புக்கொள்கிறது. முற்பிறப்பில் முனிவர்க்கு உணவு கொண்டுவந்த சமையற்காரன் கால் இடறி விழ, அவனை வாளால் கொன்றவன் உதயகுமரன் என்பது அடுத்த காதையில் விளங்குகிறது. ஆயினும், அறியாமல் நீ செய்த இவ்வினையும் உன்னை விடாது தொடரும் என்று காஞ்சனனிடம் அது சொல்லிவிடுகிறது. ஊழ் என்று ஒதுங்கிக்கொள்ள அவனுக்கு இடம் தரப்படவில்லை. முன்பே குறிக்கப்பட்டது என்பதும், செய்தவன் நீ என்பதும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகும் என்று முன்பு எனக்கு விளங்கியதில்லை.

2018இல் குறிஞ்சி மீண்டும் பூத்தது. நான் கோத்தகிரிச் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் நின்றிருந்தேன். கொழுந்து மூட்டைகள் ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி வந்து, “ஐயா, என்னைத் தெரிகிறதா?” என்றார். தெரிந்தது. முகம் பருத்திருந்தாலும் குரல் மாறவில்லை. வண்டி அவருடையதுதான், சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்க்கும் தொழில். மகள் பள்ளியில் படிக்கிறாள் என்றார். நான் அன்று சொன்ன சொல்லைப் பற்றித் தடுமாறிப் பேசத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

“நீங்கள்தான் மூன்றாம் நாளே வந்து கூப்பிட்டீர்களே ஐயா. அப்பா கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார். வேலைக்குப் போக எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. உங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.”

அது முழு உண்மையா, என்னை ஆற்றுவதற்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. தேநீருக்குக் காசு கொடுக்க என்னை அவர் விடவில்லை. வண்டி வளைவில் மறைந்த பிறகும் சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்தேன். அவர் சொன்னது உண்மையானாலும் நான் சொன்னது சொன்னதுதான். கந்திற்பாவையின் சொற்கள் அன்றுதான் எனக்கு விளங்கின.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் அந்த மாணவியை எழுப்பி, என் பழைய விடையைத் திருத்திக்கொண்டேன். முனிவர் ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்டாய். அவர் மன்னித்திருந்தாலும் கனி அடுத்த பருவத்துக்கு முன்னால் வந்திருக்காது என்பதைச் சொல்லி, சாபத்தின் மூன்று பகுதிகளையும் கரும்பலகையில் எழுதினேன். அவள் சிறிது நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்படியானால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அந்த முனிவர் என்ன சாப்பிட்டார் ஐயா?”

நூலில் இல்லை என்றேன். உண்மையில் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. கனியை உண்டால் 12 ஆண்டுகள் பசிக்காது. உண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று சாத்தனார் சொல்லவில்லை.

“பசித்துத்தான் இருந்திருப்பார்” என்றாள். “அவர் அங்கே பழம் சாப்பிடும் நாளில்தானே இவளுக்கு இங்கே பசி தீரும்? இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் சோறு கிடைத்திருக்கிறது.”

வகுப்பு அமைதியாக இருந்தது. மழை விட்டிருந்ததால் அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. நான் நூலைப் பிரித்து, முனிவர் நீராடித் திரும்பி வரும் இடத்திலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினேன்.